உயிரியல் நடந்த பாதை: 38 ஏ.டி.பி. 32 ஆன வரலாறு

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஆக்சிஜன் துணையோடு முழுமையாகச் சிதைந்தால் எத்தனை ஏ.டி.பி. கிடைக்கும்? எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு உயிரியல் படிக்கும் மாணவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. விடைதான் நூலுக்கு நூல் மாறுகிறது. பிரிக்பீல்ட்ஸ் அல்லது கிள்ளான் டியூஷன் வகுப்பில் ஒருவர் அண்ணனின் பழைய நூலை வைத்திருந்தால் அதில் 38 அல்லது 36 என்று இருக்கும். புதிய நூலில் 32 அல்லது 30 என்று இருக்கும். இவற்றில் எதுவும் அச்சுப்பிழை அல்ல. செல்லுக்குள் நடக்கும் ஆற்றல் கணக்கை அறிவியல் வெவ்வேறு காலத்தில் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

எஸ்.பி.எம். நிலையில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. குளுக்கோசும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டைஆக்சைடும் நீரும் உண்டாகின்றன, 2898 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது என்ற ஒரே சமன்பாட்டோடு நான்காம் படிவப் பாடம் பெரும்பாலும் நின்றுவிடும். ஆறாம் படிவத்தில்தான் அந்தச் சமன்பாட்டைப் பிரித்து, படிப்படியாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கில் வரும் ஏ.டி.பி. 1929இல்தான் கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க், எல்லாப்பிரகட சுப்பாராவ் இருவரும் தனித்தனியே அதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஆந்திராவின் பீமவரத்தில் 1895இல் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின்னர் பாஸ்டனுக்குச் சென்றவர். கரைசலில் எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை அவரும் ஃபிஸ்க்கும் 1925இல் வெளியிட்டனர். தசைச் சாற்றில் அந்த முறையைப் பயன்படுத்தியபோது நிறம் வழக்கம்போல் உடனே வராமல் மெதுவாக ஏறியது. எளிதில் உடையும் ஒரு பாஸ்பேட் சேர்மம் சாற்றில் இருப்பதாக அவர்கள் அதிலிருந்து ஊகித்தனர். 1927இல் அறிவிக்கப்பட்ட பாஸ்போகிரியேட்டின் அதுதான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏ.டி.பி.யும் கிடைத்தது.

சிதைவின் முதல் கட்டம் கிளைக்கோலிசிஸ். எட்வர்ட் புக்னர் உயிருள்ள செல்லே இல்லாத ஈஸ்ட் சாற்றில் 1897இல் சர்க்கரையை நொதிக்க வைத்ததில் தொடங்கி, எம்டன், மேயர்ஹாஃப், பர்னாஸ் ஆகியோரின் ஆய்வுகளால் 1940 வாக்கில் அதன் படிகள் எல்லாம் தெளிவாயின. இந்தக் கட்டம் செல்லின் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டாக உடைகிறது. தொடக்கப் படிகளில் 2 ஏ.டி.பி. செலவாகும், பிந்தைய படிகளில் 4 கிடைக்கும். ஆகவே நிகர லாபம் 2 ஏ.டி.பி.யும் 2 என்.ஏ.டி.எச்.சும். மொத்தம் 4 என்பதையே நிகரமாக எழுதிவிடுவது தேர்வில் அடிக்கடி நேரும் பிழை.

பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, ஒரு கார்பனைக் கார்பன் டைஆக்சைடாக இழந்து, அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆகிறது. இரண்டு பைருவேட்டுக்கும் சேர்த்து 2 என்.ஏ.டி.எச். கிடைக்கிறது. இந்த இணைப்புப் படியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டால் பழைய முறையில் விடை 6 குறைந்துவிடும்.

அடுத்தது சிட்ரிக் அமிலச் சுழற்சி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸும் அவருடைய மாணவர் வில்லியம் ஜான்சனும் புறாவின் மார்புத் தசையை நறுக்கி 1937இல் சோதனை செய்தனர். பறக்க உதவும் அந்தத் தசை ஆக்சிஜனை மிக வேகமாகப் பயன்படுத்தக்கூடியது. அதில் சிறிதளவு சிட்ரேட்டைச் சேர்த்தால், அந்தச் சிட்ரேட் முழுவதும் எரிவதற்குத் தேவையானதைவிட மிக அதிக ஆக்சிஜன் செலவானது. சிட்ரேட் எரிந்து தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப உருவாகிறது என்பதற்கு அது சான்று. தசைக்கு ஆக்சலோஅசிட்டேட்டைக் கொடுத்தபோது சிட்ரேட் உண்டானதும் தெரிந்தவுடன் வட்டம் முழுமையடைந்தது. ‘நேச்சர்’ இதழ் இந்தக் கட்டுரையை ஏற்கவில்லை; அது ‘என்சைமோலோஜியா’வில் வெளியானது. 1953இல் கிரெப்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அசிட்டைல் தொகுதியின் இரண்டு கார்பன்கள் நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோஅசிட்டேட்டோடு சேர்ந்து சிட்ரேட் ஆகும். வட்டம் ஒருமுறை சுற்றினால் இரண்டு கார்பன் டைஆக்சைடு வெளியேறும், 3 என்.ஏ.டி.எச்., 1 எஃப்.ஏ.டி.எச்.2, 1 ஏ.டி.பி. கிடைக்கும். ஒரு குளுக்கோசுக்கு வட்டம் இரண்டு முறை சுற்றுவதால் எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டும்.

இதுவரை கையில் இருப்பது 4 ஏ.டி.பி., 10 என்.ஏ.டி.எச்., 2 எஃப்.ஏ.டி.எச்.2. இந்த எண்களில் எந்த நூலுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. என்.ஏ.டி.எச்.சையும் எஃப்.ஏ.டி.எச்.2ஐயும் ஏ.டி.பி.யாக மாற்றும் விகிதத்தில்தான் வேறுபாடு வருகிறது.

இவை சுமந்துவரும் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள புரதங்கள் வழியே கடந்து கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. 1940களின் அளவீடுகளை வைத்து ஒரு என்.ஏ.டி.எச்.சுக்கு 3, ஒரு எஃப்.ஏ.டி.எச்.2க்கு 2 என்று முழு எண்களாக எடுத்துக்கொண்டார்கள். அதன்படி 30, 4, நேரடியாகக் கிடைத்த 4 மூன்றையும் கூட்டினால் 38 வருகிறது.

பீட்டர் மிட்செல் 1961இல் முன்வைத்த விளக்கம் அந்த முழு எண்களின் அடிப்படையை மாற்றியது. எலக்ட்ரான் நகரும்போது சவ்வின் உட்புறத்திலிருந்து புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே வரும் விசையில் ஏ.டி.பி. உருவாகிறது என்றார் அவர். 1978இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அணை நீர் டர்பைனைச் சுழற்றுவதுபோன்ற இந்த ஏற்பாட்டில் விகிதம் முழு எண்ணாக இருந்தாக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு என்.ஏ.டி.எச். ஏறத்தாழ 10 புரோட்டான்களையும், ஒரு எஃப்.ஏ.டி.எச்.2 ஏறத்தாழ 6 புரோட்டான்களையும் தள்ளுகிறது. ஒரு ஏ.டி.பி.யை உருவாக்கி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அனுப்ப ஏறத்தாழ 4 புரோட்டான்கள் செலவாகின்றன. ஆகவே கிடைப்பது முறையே 2.5, 1.5. புதிய கணக்கில் 25, 3, 4 சேர்ந்து 32.

36க்கும் 30க்கும் காரணம் வேறு. கிளைக்கோலிசிஸில் பிறந்த 2 என்.ஏ.டி.எச். சைட்டோபிளாசத்தில் இருக்கின்றன; அவை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைக் கடக்க முடியாது. அவற்றின் எலக்ட்ரான்களை மட்டும் வேறொரு மூலக்கூறு உள்ளே கொண்டுசெல்கிறது. கல்லீரல், இதயத் தசைச் செல்களில் மாலேட் வழியாகச் செல்வதால் இழப்பு இல்லை. எலும்புத் தசையில் கிளிசரால் பாஸ்பேட் வழியாகச் சென்றால் அந்த எலக்ட்ரான்கள் எஃப்.ஏ.டி.எச்.2 அளவிலேயே சங்கிலியில் சேரும். அப்போது ஒவ்வொன்றுக்கும் 1 ஏ.டி.பி. குறைந்து 38 என்பது 36 ஆகிறது. 32 என்பது 30 ஆகிறது.

‘எலும்புத் தசைச் செல்லில் ஒரு குளுக்கோசின் நிகர ஏ.டி.பி.யைக் கணக்கிடுக’ என்று வினா வந்தால் விடையை வரிசையாக எழுதலாம். நேரடியாக 4; மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பிறந்த 8 என்.ஏ.டி.எச்.சால் 20, 2 எஃப்.ஏ.டி.எச்.2ஆல் 3, கிளிசரால் பாஸ்பேட் வழி வந்த இரண்டால் 3, மொத்தம் 30. எந்த விகிதம், எந்த வழி என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டால், எந்த நூலைப் பின்பற்றிய விடை என்பது திருத்துபவருக்குப் புரியும்.

நான்காம் படிவத்தின் 2898 கிலோஜூலோடு இதை ஒப்பிடலாம். ஒரு மோல் ஏ.டி.பி. செந்தர நிலையில் தரும் ஆற்றல் 30.5 கிலோஜூல். 38 என்றால் சுமார் 40 விழுக்காடும், 32 என்றால் சுமார் 34 விழுக்காடும் சேமிப்பாகின்றன, மீதி வெப்பமாகிறது. உயிருள்ள செல்லில் சில புரோட்டான்கள் ஏ.டி.பி. உண்டாக்காமலேயே சவ்வு வழி கசிந்து திரும்புவதால், 32 என்பதும் உச்சவரம்பே தவிர, ஒவ்வொரு குளுக்கோசுக்கும் தவறாமல் கிடைக்கும் அளவு அல்ல.