பாம்பை விரட்டிய வடிகட்டி

2016 ஜூலையில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பாம்பு புகுந்தது. எந்தப் படத்தைத் திறந்தாலும் கீழே பச்சைப் பாம்பு எமோஜிகள் வரிசை வரிசையாக நெளிந்தன. கான்யே வெஸ்ட் தன் பாட்டொன்றில் ஸ்விஃப்ட்டைப் பற்றி ஒரு மோசமான வரி எழுதியிருந்தார். அவர் தன்னிடம் அதைச் சொல்லவில்லை என்றார் ஸ்விஃப்ட். சொன்னார் என்று காட்ட, கான்யேயின் அப்போதைய மனைவி கிம் கர்தாஷியன் இருவரும் பேசிய தொலைபேசிப் பதிவிலிருந்து சில துண்டுகளை ஜூலை 17 அன்று ஸ்னாப்சாட்டில் வெளியிட்டார். அன்றே பாம்பு எமோஜிகளை அடுக்கி ட்வீட்டும் போட்டார். மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. (2020இல் நீளமான பதிவு கசிந்தபோது, தகராறுக்குக் காரணமான அந்த வசைச்சொல் ஸ்விஃப்ட்டிடம் சொல்லப்படவே இல்லை என்று தெரிந்தது. ஆனால் கருத்துப் பெட்டிக்கு அவ்வளவு பொறுமை ஏது?)

சில நாட்களில் பாம்புகள் மாயமாகின. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கருத்துகள் வந்து குவியும் கணக்குகளுக்காக ஒரு வடிகட்டியைச் சோதித்துப் பார்ப்பதாக இன்ஸ்டாகிராம் சொன்னது. செப்டம்பர் 12 அன்று அதன் நிறுவனர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரம் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார். பேஸ்புக் பக்கங்களில் 2011இலேயே இப்படியொரு வடிகட்டி இருந்தது உண்மைதான். ஆனால் கடை நடத்தாத, கட்சி நடத்தாத, வெறும் பூனைப் படம் போடுகிறவர் கைக்கும் அது வந்து சேர்ந்தது இந்தப் பாம்புக்குப் பிறகுதான்.

இன்ஸ்டாகிராமின் அந்த முதல் வடிகட்டிக்கு மூளை கிடையாது. வேண்டாத சொற்களைக் கணக்குக்காரர் ஒரு பட்டியலில் எழுதிவைப்பார். வரும் கருத்தில் அவற்றில் ஒன்று இருந்தால் அது மறைந்துவிடும். கணினிக்கு எமோஜியும் ஓர் எழுத்துக்குறிதான் என்பதால் பாம்பையும் பட்டியலில் சேர்க்க முடிந்தது. ஒரு முழு வாக்கியத்தின் தொனியைப் பார்த்து முடிவெடுக்கும் தானியங்கி வடிகட்டி 2017 ஜூனில்தான் வந்தது, அதுவும் முதலில் ஆங்கிலத்துக்கு மட்டும்.

மூளை இல்லாததன் விலை விரைவிலேயே தெரிந்தது. 2017 ஆகஸ்டில் ஸ்விஃப்ட் தன் பழைய பதிவுகளை எல்லாம் துடைத்துவிட்டு, ஒரு பாம்பு நெளியும் வீடியோக்களைப் போட்டு அடுத்த ஆல்பத்தை அறிவித்தார். வசையையே கொடியாக்கிக்கொண்டார். இப்போது பாம்பு எமோஜி போடுகிறவர் ரசிகர். பட்டியலில் பழைய பாம்பு அப்படியே கிடந்தால் வாழ்த்துதான் மறையும். ஜூலைப் பாம்புக்கும் ஆகஸ்ட் பாம்புக்கும் வடிகட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

இதில் சிக்கல், நடந்தது இருபக்கத்துக்கும் தெரியாமல் போவது. பேஸ்புக் பக்கங்களில் மறைக்கப்பட்ட கருத்து, எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். சண்டைக்காரர் வேறு சொல்லைத் தேடாமல் இருக்க இது நல்ல தந்திரம். தவறாக மாட்டிய நண்பரோ, பதில் வரவில்லையே என்று உங்களைத்தான் கோபித்துக்கொள்வார். ஆகவே கருத்து எண்ணிக்கை திடீரென்று இளைத்தாலோ, "போட்டேனே, பார்க்கலையா?" என்று யாராவது கேட்டாலோ, முதலில் பார்க்க வேண்டிய இடம் வடிகட்டிதான். இன்ஸ்டாகிராமில் பதிவின் கருத்துகளை அடிவரை தள்ளினால் `View hidden comments` என்று இருக்கும். அங்கிருந்து நல்லதை மீட்டுவிடலாம். அமைப்புகளில் `Hidden Words` என்ற பகுதிக்குள் நிறுவனத்தின் தானியங்கி வடிகட்டலுக்கான பொத்தான்களும், நீங்களே எழுதும் சொற்பட்டியலும் தனித்தனியாக இருக்கின்றன. எதனால் மறைந்தது என்று அறிய, மறைந்த கருத்தில் உங்கள் பட்டியல் சொல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் வடிகட்டலைத்தான் தளர்த்திப் பார்க்க வேண்டும்.

தமிழில் பட்டியல் போடுவது கூடுதல் வேலை. சொல் முழுதாகப் பொருந்தினால்தான் மறைப்பேன் என்கிற வடிகட்டியிடம் 'நாய்' என்று கொடுத்தால் 'நாயே' தப்பிவிடும், 'naaye' என்று ஆங்கில எழுத்தில் வந்தாலும் தப்பிவிடும். எங்கே இருந்தாலும் மறைப்பேன் என்கிற வகையிடம் 'பேய்' என்று கொடுத்தால் 'எங்க ஊர்ல பேய்மழை' என்று எழுதிய அப்பாவி மாட்டுவார். வேற்றுமை உருபுகளோடு ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் எழுதி முடிக்கவும் முடியாது. உங்களை உண்மையில் தேடி வருகிற நாலைந்து வசைகளை, வருகிற வடிவத்திலேயே, தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் கொடுங்கள். பிறகு அந்தச் சொல் இருக்கும் ஒரு கருத்தை வேறொரு கணக்கிலிருந்து போட்டுப் பார்த்தால், உங்கள் வடிகட்டி எந்த வகை என்பது அப்போதே தெரிந்துவிடும்.