முட்டை ஊடகத்திலிருந்து நீர்ம ஊடகத்திற்கு: காசநோய்க் கிருமி வளர்ப்பில் காலமும் கலப்பும்

முன்னுரை

1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய அதன் முதல் ஆய்வு, 193 நோயாளிகளுக்கு வீட்டிலும் சானடோரியத்திலும் ஓராண்டு அளிக்கப்பட்ட சிகிச்சையை ஒப்பிட்டது. ஆண்டிறுதியில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது என 1959இல் அறிவிக்கப்பட்டது. அம்முடிவின் முதன்மைச் சான்று சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையே. அதற்குப் பயன்பட்ட முட்டை ஊடகத்தின் இயல்பையும், நீர்ம ஊடகம் வந்தபின் நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முட்டை ஊடகமும் கால அளவும்

வியன்னாவில் லோவன்ஸ்டைன் உருவாக்கி, 1932இல் டென்மார்க்கின் ஜென்சன் திருத்தியமைத்த ஊடகம் இது. கோழிமுட்டைக் கலவையுடன் தாது உப்புகள், அஸ்பரஜின், கிளிசரால் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. பிற கிருமிகளை ஒடுக்க மலக்கைட் பச்சைச் சாயம் இடப்படுகிறது. கலவையைச் சிறு குப்பிகளில் ஊற்றிச் சாய்த்து வைத்து, ஏறத்தாழ 85 பாகை செல்சியசில் முக்கால் மணி நேரம் சூடாக்கினால் அது உறைகிறது.

காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிப்பதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. ஆகவே 37 பாகையில் வைத்த குப்பியில் கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில்தான் தோன்றும். வளர்ச்சி இல்லை என்று முடிவுகூற எட்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதமே கிருமியை இனங்காணவும் உதவுகிறது. முதல் வாரத்திலேயே எழும் வளர்ச்சி காசநோய்க் கிருமியாக இருக்க இயலாது. அது விரைந்து வளரும் வேற்றினமாகவோ வெளிக்கலப்பாகவோ இருக்கும். ஊடகம் இளகி நீர்த்தாலோ பச்சை நிறம் திரிந்தாலோ கலப்பு உறுதியாகிறது. காசநோய்க் கிருமியோ உலர்ந்த ரொட்டித்துகள் போல, வெளிர்மஞ்சள் நிறத்தில், சொரசொரப்பாகப் படிகிறது.

கலப்பின் அளவு உணர்த்துவது

கலப்புற்ற குப்பியை ‘கிருமியற்றது’ என்ற கணக்கில் சேர்த்தல் பிழையாகும். அதில் காசநோய்க் கிருமி இருந்ததா என்பதை அறிய வழியில்லை; அச்சோதனைக்கு முடிவே கிடைக்கவில்லை என்றுதான் பதியவேண்டும். இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் நோய் நீங்காதவர் குணமடைந்தவராக எண்ணப்படுவார்.

கலப்பே இல்லாத ஆய்வகம் சிறந்தது என்பதும் தவறான கருத்தாகும். பிற கிருமிகளைக் கொல்லச் சளியுடன் சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடு காசநோய்க் கிருமிகளிலும் ஒரு பகுதியை அழிக்கிறது. முட்டை ஊடகத்தில் 3 முதல் 5 விழுக்காடு வரையிலான கலப்பு ஏற்கத்தக்கது. அது மிகக் குறைந்தால் காரத்தின் கடுமை மிகுந்துவிட்டதோ என ஐயுற வேண்டும். மிகுந்தால் காரம் போதவில்லை, அல்லது சளி வழியிலேயே கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம்.

கீழ்வேளூரிலிருந்து சென்னைக்கு

இரண்டாவது காரணத்தைக் காவிரிப் படுகையின் தொலைவும் வெப்பமும் தெளிவாக்கும். கீழ்வேளூரில் பெறும் சளி சென்னை ஆய்வகத்தை அடைய இரண்டொரு நாள் ஆகிறது எனக் கொள்வோம். பனிக்கட்டி இல்லையேல் வாய்க்கிருமிகள் அதற்குள் பெருகிவிடும். இதற்குத் தீர்வாக, ஒரு விழுக்காடு செட்டில்பிரிடினியம் குளோரைடும் இரண்டு விழுக்காடு உப்பும் கொண்ட கரைசலைச் சளிக்குச் சம அளவில் கலந்து அனுப்பும் முறை 1970களில் வந்தது. இக்கரைசலில் காசநோய்க் கிருமி அறை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் உயிர்தாங்கும். குளிர்பெட்டியில் வைத்தலாகாது, வைத்தால் மருந்து படிகமாகிச் செயலிழக்கும். ஆய்வகத்தில் நீர் சேர்த்துச் சுழற்றி, அடியில் தங்கும் படிவை முட்டை ஊடகத்தில் இடுவர். படிவில் எஞ்சிய மருந்தை முட்டையின் பாஸ்போலிப்பிடுகள் முறித்துவிடுகின்றன. எனவே அங்கு முட்டை உணவாக மட்டுமின்றி முறிமருந்தாகவும் பயன்படுகிறது.

நீர்ம ஊடகம்

2007இல் உலக சுகாதார நிறுவனம் நீர்ம வளர்ப்பு முறையைப் பரிந்துரைத்தது. இம்முறையில், கிருமி உயிர்வளியை உட்கொள்ளும்போது குழாயின் அடியிலுள்ள சேர்மம் ஒளிர்கிறது. கருவி அதனைப் பதிகிறது. சளியில் கிருமி மிகுந்திருந்தால் இரு வாரங்களுக்குள்ளாகவே முடிவு கிடைக்கும். 42 நாள்களில் சோதனை முடிகிறது.

எனினும் எந்தக் கிருமி உயிர்வளியை உட்கொண்டது என்பதைக் கருவி அறியாது. ஆகவே ஒளிர்ந்த குழாயிலிருந்து சீல்-நீல்சன் சாயப் பூச்சும் குருதி அகார் வளர்ப்பும் செய்து பார்க்கவேண்டும். பூச்சில் கயிறு திரித்தாற்போன்ற செந்நிறக் கொத்துகள் தெரிந்து, அகாரில் ஏதும் வளராவிடின் அது காசநோய்க் கிருமியாக இருக்கக்கூடும். தனிச் சோதனையால் அதனை உறுதிசெய்வர். அகாரில் மறுநாளே வளர்ச்சி தோன்றினால் கலப்பு உள்ளது. செழுமையான நீர்ம ஊடகத்தில், எதிருயிரிகள் சேர்த்தும், கலப்பு முட்டை ஊடகத்தைவிட மிகுதியாகவே நேர்கிறது. மேலும், செட்டில்பிரிடினியம் கலந்த சளியை இதில் இடலாகாது. முறிக்க முட்டை இல்லாமையால் எஞ்சிய மருந்து காசநோய்க் கிருமியையே ஒடுக்கிவிடும். அதனால் கீழ்வேளூர்ச் சளி குளிர்காப்புடன், மூன்று நாள்களுக்குள் வந்துசேர வேண்டியதாயிற்று.

முடிவுரை

நீர்ம ஊடகம் காத்திருப்பைக் குறைத்தது. ஆயின் முட்டை ஊடகத்தில் கண்ணாலேயே கிடைத்த இரு சான்றுகளான காலமும் தோற்றமும் அதில் இல்லாமையால், அவற்றைப் பூச்சும் அகாரும் ஈடுசெய்ய வேண்டியுள்ளன. தொலைவூர்ச் சளிக்கு முட்டை அளித்த காப்பைக் குளிர்காப்பு ஈடுசெய்கிறது. இவ்விரண்டும் தவறுமிடத்து விரைவாகக் கிடைக்கும் முடிவு நம்பத்தக்க முடிவாகாது.