மறை டைவர்ஜென்ஸ்

விலையும் ஆர்எஸ்ஐ போன்ற வேக அளவியும் ஒன்றுக்கொன்று முரணாக நகர்வதே டைவர்ஜென்ஸ். ஆர்எஸ்ஐ-யை 1978-இல் வெல்ஸ் வைல்டர் அறிமுகப்படுத்தினார்; வழக்கமாக 14 நாள் ஏற்ற இறக்கச் சராசரிகளை ஒப்பிட்டு, 0 முதல் 100 வரை அது காட்டும். விலை புதிய உச்சம் தொட்டும் ஆர்எஸ்ஐ முந்தைய உச்சத்துக்குக் கீழே நின்றால், அது வழக்கமான டைவர்ஜென்ஸ்: ஏற்றம் களைத்துவிட்டது, திரும்பக்கூடும் என்ற எச்சரிக்கை. ஏறுமுகத்தில் தோன்றும் மறை டைவர்ஜென்ஸில் கவனிக்க வேண்டியது உச்சத்தை அல்ல, பின்வாங்கலின் அடிமட்டத்தை. ஒரு கற்பனைப் பங்கு 400 ரூபாயில் தாழ்ந்தபோது ஆர்எஸ்ஐ 42. பிறகு 460-க்கு ஏறி, 420-க்கு இறங்கும்போது 35 என்று கொள்வோம். விற்பவர்கள் முன்பைவிட வேகமாகத் தள்ளியும் பழைய தாழ்வை எட்ட முடியவில்லை. வாங்குபவர்கள் மேலேயே காத்திருந்திருக்கிறார்கள். ஆகவே ஏற்றம் தொடரலாம் என்பதற்கு இது துப்பு. இறங்குமுகத்தில் இது தலைகீழ்: விலையின் உச்சம் தாழ்ந்து, ஆர்எஸ்ஐ உச்சம் உயரும்.

ஆர்எஸ்ஐ-யே விலையிலிருந்து பிறந்தது, அது புதிதாக என்ன சொல்லிவிடும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. புதிய தகவல் இல்லைதான். ஆனால் இறங்கிய தூரத்தையும் இறங்கிய வேகத்தையும் அது பிரித்துக் காட்டுகிறது. வலுவான ஏற்றத்தில் வழக்கமான டைவர்ஜென்ஸ் அடுத்தடுத்துப் பொய்த்துக்கொண்டே போகும். மறை டைவர்ஜென்ஸ் போக்கோடு சேர்ந்து நிற்பதால் அதையே நான் கூடுதலாக நம்புவேன். குறை வேறிடத்தில் இருக்கிறது: 420 தான் அடிமட்டம் என்பது, விலை சில நாள் மேலேறிய பிறகே உறுதியாகும். விலை 400-க்குக் கீழே முடிந்தால் துப்பு செல்லாது.