வாங்குபவரைக் கொண்டு வராத சொத்து முகவர்: பிரத்தியேக அனுமதியை முடித்துக்கொள்வது எப்படி?

வீட்டை விற்க ஒரு முகவரிடம் ‘எக்ஸ்குளுசிவ்’ கடிதத்தில் கையெழுத்து போட்டுக் கொடுத்து மாதங்கள் ஓடிவிட்டன. வீட்டைப் பார்க்க யாரும் வரவில்லை. வேறு முகவரிடம் பேசலாம் என்றால், முதல் முகவர் “ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, கமிஷன் கட்ட வேண்டி வரும்” என்கிறார். தோட்டத்தை விட்டு வந்து தாமானில் வாங்கிய வீட்டை, பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்வதற்காகவோ பழைய கடனை அடைப்பதற்காகவோ விற்க முனையும் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மலேசியச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால், கோபத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அடுத்த முகவரைத் தேடிப் போவது அந்த வழி அல்ல.

கையெழுத்து யாரிடம் போடப்பட்டது?

முதலில் கடிதத்தை எடுத்து, யாருக்கு அனுமதி தரப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து பேசியவர் பெரும்பாலும் ‘ஆர்.இ.என்.’ எனப்படும் சொத்துப் பேச்சாளராக இருப்பார். அவர் ஒரு பதிவு பெற்ற முகவர் நிறுவனத்தின் கீழ் வேலை செய்பவர். ஒப்பந்தம் அந்த நிறுவனத்தோடுதான் ஏற்பட்டிருக்கும். எனவே ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதமும் நிறுவனத்திற்கே போக வேண்டும்.

1981ஆம் ஆண்டின் மதிப்பீட்டாளர்கள், சொத்து முகவர்கள் சட்டப்படி, வாரியத்தில் பதிவு பெறாதவர் வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலைச் செய்யக்கூடாது. கழுத்து அட்டையில் உள்ள எண்ணை எல்.பி.பி.இ.எச். எனப்படும் வாரியத்தின் lppeh.gov.my இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். கையெழுத்து வாங்கியவர் பதிவே இல்லாத தரகர் என்றால், அவர் கேட்கும் கமிஷனுக்குச் சட்ட ஆதரவு கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கையெழுத்திட்டது முகவர் நியமனக் கடிதமா, ‘சூராட் கூவாசா வாகில்’ எனப்படும் அதிகாரப் பத்திரமா? பின்னது என்றால், உரிமையாளருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட்டு நிலத்தை மாற்றிக் கொடுக்கவே முடியும். அதை ரத்து செய்யும் முறையும் வேறு. அந்த நிலையில் உடனே வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி.

கடிதத்தில் தேட வேண்டிய நான்கு வரிகள்

முதலாவது, முடியும் தேதி. பிரத்தியேக அனுமதி வழக்கமாக மூன்று அல்லது ஆறு மாதங்களுக்குத் தரப்படுகிறது. இரண்டாவது, தானாகப் புதுப்பிக்கும் வரி. ‘முடிவதற்கு இத்தனை நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தொடரும்’ என்று சில கடிதங்களில் இருக்கும். மூன்றாவது, இடையில் ரத்து செய்தால் என்ன கட்ட வேண்டும் என்ற வரி. நான்காவது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் முகவர் அறிமுகம் செய்தவருக்கு வீட்டை விற்றால் கமிஷன் உண்டு என்ற வரி.

இதோடு ‘பிரத்தியேகம்’ என்பதற்குக் கடிதம் என்ன பொருள் தருகிறது என்றும் படிக்க வேண்டும். சில கடிதங்கள் வேறு முகவரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் சொல்லும். சில கடிதங்களோ, உரிமையாளரே சொந்தமாகத் தன் அண்ணன் மகனுக்கு விற்றாலும் கமிஷன் உண்டு என்று சொல்லும். இரண்டாவது வகைதான் பலரைச் சிக்க வைக்கிறது.

வாங்குபவர் வரவில்லை என்பது மட்டும் காரணமாகுமா?

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. முகவர் கட்டாயம் விற்றுத் தருவதாக வாக்கு கொடுப்பதில்லை. விற்க முயற்சி செய்வதாகத்தான் ஒப்புக்கொள்கிறார். ஆகவே, ஆள் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அவர் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகாது. சந்தை விலையைவிட நாற்பதாயிரம் ரிங்கிட் கூடுதலாகக் கேட்டால் எந்த முகவராலும் ஆள் கொண்டு வர முடியாது.

முகவர் தரப்புத் தவறு என்று சொல்லக்கூடியவை வேறு: விளம்பரமே போடாதது, தவறான விவரங்களோடு போட்டது, பார்க்கக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாதது, வந்த விலையை உரிமையாளரிடம் மறைத்தது, எத்தனை முறை கேட்டும் என்ன நடக்கிறது என்று தெரிவிக்காதது. இவற்றை எழுத்தில் காட்ட முடிந்தால் உரிமையாளர் நிற்கும் தரை உறுதியானது.

சட்டம் சொல்வது

முகவர் நியமனம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. முகவர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தி உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் எதையும் செய்வதற்கு முன்பு, அந்த அதிகாரத்தை உரிமையாளர் திரும்பப் பெறலாம் என்று பிரிவு 156 கூறுகிறது. அதாவது, ஆறு மாதம் முடியும் வரை அனுமதியை மீட்கவே முடியாது என்ற பேச்சு சரியல்ல.

ஆனால் மீட்பது வேறு, பணம் கட்டாமல் மீட்பது வேறு. குறிப்பிட்ட காலத்திற்கு என்று ஒப்புக்கொண்ட நியமனத்தைப் போதிய காரணம் இல்லாமல் இடையில் முறித்தால் இழப்பீடு தர வேண்டும் என்பது பிரிவு 158. நியாயமான முன்னறிவிப்பு வேண்டும் என்பது பிரிவு 159. ரத்து செய்த செய்தி முகவருக்குத் தெரிந்த பிறகே அது அவர் அளவில் செல்லும் என்பது பிரிவு 161. கடிதம் சேர்ந்ததற்கான சான்று முக்கியமாவது இதனால்தான்.

ரத்து செய்தால் முழுக் கமிஷன் என்று கடிதத்தில் எழுதியிருந்தால்? பிரிவு 75இன்படி நீதிமன்றம் தருவது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதிய தொகை அதன் உச்ச வரம்பு. என்றாலும், 2018ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், அந்தத் தொகை மிகையானது என்று காட்டும் பொறுப்பு அதை மறுப்பவரிடமே இருக்கிறது. ஆகவே ‘அந்த வரி செல்லாது’ என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு

சுங்கை சிப்புட்டில் ஒரு மாடி வரிசை வீடு. கேட்கும் விலை 250,000 ரிங்கிட். உரிமையாளர் ஓர் அம்மா. மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை ஆறு மாதப் பிரத்தியேக அனுமதி. கமிஷன் 3 விழுக்காடு. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவும் அதுதான். ஆக 7,500 ரிங்கிட், சேவை வரி தனி. இடையில் ரத்து செய்தால் முழுக் கமிஷன் என்று கடிதத்தில் ஒரு வரி. முடிந்த பிறகு மூன்று மாதம் வரை, முகவர் அறிமுகம் செய்தவருக்கு விற்றால் கமிஷன் என்று இன்னொரு வரி.

மே மாத இறுதி வரை ஒரே ஒருவர் வந்து பார்த்தார். இணைய விளம்பரத்தில் மூன்று அறை வீடு இரண்டு அறை என்று இருந்தது. அம்மாவின் மகன் புலனத்தில் நான்கு முறை கேட்டும் பதில் இல்லை.

ஜூன் 2ஆம் தேதி அவர்கள் ரத்துக் கடிதம் அனுப்பவில்லை. நிறுவனத்திற்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் அனுப்பினார்கள். எங்கெல்லாம் விளம்பரம் போடப்பட்டது, யார் யார் வந்து பார்த்தார்கள், என்ன விலை கேட்டார்கள், அறை எண்ணிக்கை ஏன் திருத்தப்படவில்லை என்று கேட்டு, 14 நாளில் பதில் கோரினார்கள். விளம்பரத்தின் திரைப்படத்தையும் புலனச் செய்திகளையும் தேதியோடு சேமித்து வைத்தார்கள்.

ஜூன் 16 வரை பதில் வரவில்லை. அதன் பிறகு மலாய் மொழியில் இரண்டாவது கடிதம் போனது. அதன் சாரம் இதுதான்:

“மார்ச் 1ஆம் தேதியிட்ட நியமனத்தின்படி எங்கள் வீட்டை விற்கும் பணியில், விளம்பரத்தில் தவறான விவரம் இருந்தது. ஜூன் 2ஆம் தேதிக் கடிதத்திற்கும் பதில் இல்லை. இக்காரணங்களால், இக்கடிதம் கிடைத்த 14ஆம் நாளோடு நியமனத்தை முடித்துக்கொள்கிறோம். அதற்குள் விளம்பரங்களை நீக்கி, சாவியைத் திருப்பித் தரவும். நீங்கள் வீட்டைக் காட்டியவர்களின் பெயர்ப் பட்டியலை எழுத்தில் அனுப்பவும். நியமனம் முடிந்ததை உறுதிப்படுத்தவும்.”

கடிதம் நிறுவனத்தின் பதிவு பெற்ற முகவர் பெயருக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்பட்டது. பேச்சாளருக்குப் புலனத்தில் ஒரு பிரதி.

நிறுவனம் அழைத்துப் பேசியது. விளம்பரச் செலவு 400 ரிங்கிட் மட்டும் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னது. அம்மா பில்லைப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார். ‘இரு தரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே பணம் கைமாறியது. ரசீது நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்டது.

பெயர்ப் பட்டியல் ஏன் அவசியம்?

மேலே சொன்ன குடும்பம் கேட்ட பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. மூன்று மாதத்திற்குள் அந்த ஒருவருக்கு விற்றால் மட்டுமே பழைய நிறுவனம் கமிஷன் கேட்க முடியும். பட்டியல் வாங்காமல் விட்டால், பிற்பாடு வரும் எந்த வாங்குபவரையும் ‘நான்தான் முதலில் காட்டினேன்’ என்று சொல்ல இடம் உண்டு. புதிய முகவரை நியமிக்கும்போதும் அந்தப் பெயரைக் கடிதத்தில் விலக்கி எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரே விற்பனைக்கு இரண்டு கமிஷன் கேட்கப்படலாம்.

ரத்து செய்யக் கூடாத நேரங்கள்

முகவர் கொண்டு வந்தவர் விலைக்கு ஒப்புக்கொண்டு, உரிமையாளரும் சம்மதித்து, முன்பணம் கட்டப்பட்டுவிட்டால் இந்த வழி பொருந்தாது. ஏற்கெனவே நடந்துவிட்ட செயலை அனுமதியை மீட்பதால் அழிக்க முடியாது என்பது பிரிவு 157. கமிஷனைத் தவிர்க்க அந்த நேரத்தில் ரத்து செய்வது வழக்கில் கொண்டுபோய் விடும்.

காலம் முடிய மூன்று நான்கு வாரமே இருந்தால் சண்டை தேவையில்லை. புதுப்பிக்க விருப்பமில்லை என்று மட்டும் உரிய நாளுக்குள் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பது செலவில்லாத வழி. அந்த இடைவெளியில் வேறு முகவரிடம் கையெழுத்து போடக் கூடாது. வீட்டு வாசலில் அவருடைய பலகையை மாட்டவும் விடக் கூடாது.

முகவர் பணம் கேட்டு வற்புறுத்தினால், எந்த வரியின்படி, எந்தச் செலவுக்காக என்று எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனத்தின் நடத்தையில் குறை இருந்தால் வாரியத்திடம் ஆவணங்களோடு புகார் செய்யலாம். வழக்கறிஞர் கடிதமோ நீதிமன்ற அழைப்பாணையோ வந்தால் மட்டும் அதை மேசையில் போட்டு வைக்கக் கூடாது. அதில் குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும். மேலே சொன்ன கடிதங்களும் தபால் ஒப்புகையும் அப்போது கையில் இருக்க வேண்டும்.