முதல் வேறுபாட்டு முறையும் நிலை விளைவு முறையும்

1961 இல் இஸ்ரேலியப் பொருளியலாளர் யாயிர் முண்ட்லாக், வேளாண் உற்பத்தி ஆய்வில் ஒரு சிக்கலுக்குத் தீர்வு கண்டார். திறமையான உழவர் உரமும் அதிகம் இடுவார். விளைச்சலும் அதிகம் எடுப்பார். திறமையை அளக்க இயலாததால் அதன் பயனும் உரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒரே பண்ணைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்வது பேனல் தரவு. ஒவ்வோர் ஆண்டின் அளவிலிருந்தும் அப்பண்ணையின் சராசரியைக் கழித்தால் மாறாத திறமை நீங்கிவிடும். முண்ட்லாக் கையாண்ட இவ்வழி இன்று நிலை விளைவு முறை எனப்படுகிறது. சராசரிக்குப் பதிலாக முந்தைய ஆண்டின் அளவைக் கழிப்பது முதல் வேறுபாட்டு முறை.

எடுத்துக்காட்டாக, ஒரு பண்ணையில் உரம் 10 மூட்டையிலிருந்து 14 ஆகவும், விளைச்சல் 50 மூட்டையிலிருந்து 58 ஆகவும் உயர்ந்தது எனக் கொள்வோம். வேறுபாடுகள் 4, 8. எனவே ஒரு மூட்டை உரத்துக்கு 2 மூட்டை விளைச்சல். சராசரிகளான 12, 54 இலிருந்து விலகல்கள் 2, 4; விடை அதே 2. இரண்டே ஆண்டுகள் எனில் இரு முறைகளும் ஒன்றே.

ஆண்டுகள் கூடினால் விடைகள் பிரியலாம். எதிர்பாராத பாதிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு தொடர்பற்றவை எனில் நிலை விளைவு முறை துல்லியமானது. அவை நீங்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் முதல் வேறுபாட்டு முறை ஏற்றது. விடைகள் பெரிதும் முரண்பட்டால் அடிப்படைக் கருதுகோளையே ஐயுற வேண்டும். உழவரின் திறமையே இடையில் வளர்ந்திருந்தால், அதை இரு முறைகளும் நீக்கா.