நிலத்தடித் தள அகழ்வுத் தாங்கல்: மண் அழுத்தக் கணிப்பின் வரலாறு

கட்டடத்தின் நிலத்தடித் தளத்துக்காகச் செங்குத்தாகப் பள்ளம் வெட்டும்போது, பக்கத்து மண்ணும் சாலையும் வீடுகளும் சரிந்துவிடாமல் சுவரும் குறுக்கு ஸ்ட்ரட்களும் தாங்கி நிற்கின்றன. அந்தத் தாங்கலுக்கான கணக்கைச் சொல்லும் ஆவணமே அகழ்வுத் தாங்கல் வடிவமைப்புக் குறிப்பு. சுவரை மண் எவ்வளவு அழுத்தும் என்று கொள்ளப்பட்டிருக்கிறது, எந்த ஆழத்தில் எத்தனை மீட்டருக்கு ஒரு ஸ்ட்ரட் வருகிறது என்ற இரண்டும் அதன் உயிர்நாடி. இவற்றில் முதலாவது பிழையானால் இரண்டாவது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. அந்த முதல் கணிப்பு இன்றைய வடிவை அடைய ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிடித்தன.

மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டிய பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூலும், 1773-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரையைப் படித்தார். சுவருக்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு மண்பகுதி சரிய முயல்கிறது, அதைத் தடுக்கத் தேவையான விசையே மண்ணின் தள்ளுவிசை என்பது அவர் கருத்து. 1857-இல் ரேங்கின் இதை வேறு வழியில் அணுகி, அழுத்தம் மேலே சுழியத்தில் தொடங்கி ஆழத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் என்று காட்டினார். படமாக வரைந்தால் அது ஒரு முக்கோணம். அடிப்பகுதியில் நிலைத்து நின்று தலைப்பகுதி சற்று வெளியே சாயும் சாதாரணத் தாங்குசுவருக்கு இந்த முக்கோணம் நன்றாகவே பொருந்துகிறது.

ஸ்ட்ரட் வைத்த பள்ளத்துக்கு அது பொருந்தவில்லை. நியூயார்க்கில் சுரங்கப் பணிகளில் இருந்த மீம், மேல்வரிசைத் தாங்கிகளே அதிகச் சுமை ஏற்கின்றன என்று 1908-இல் எழுதினார். பள்ளத்தில் இறங்கி வேலை செய்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்த உண்மை அது. ஆனால் புத்தகக் கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொன்னது.

காரணம் வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. பள்ளம் ஆழமாவதற்கு முன்பே முதல் ஸ்ட்ரட் பொருத்தப்படுவதால் சுவரின் தலை அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு கட்டமாகத் தோண்டத் தோண்ட, அடுத்த ஸ்ட்ரட் வருவதற்குள் சுவரின் கீழ்ப்பகுதி உள்நோக்கி வளைகிறது. வளைந்த இடத்தில் இளகிய மண் தன் சுமையை வளைவுபோல மேலே உள்ள விறைப்பான பகுதிக்குக் கடத்திவிடுகிறது. அதனால் சுமை முக்கோணமாக இராமல் உயரம் முழுவதும் பரவுகிறது. பெர்லின் சுரங்க ரயிலுக்காக மணலில் வெட்டிய பள்ளங்களில் ஸ்ட்ரட் சுமைகள் அளக்கப்பட்டபோது இந்தப் பரவலே தெரிந்தது. அதன் காரணத்தை 1930களில் டெர்சாகி விளக்கினார்.

திருப்புமுனை சிகாகோவில் வந்தது. அங்கே சுரங்க ரயில் பணி 1938-இல் தொடங்க, டெர்சாகி ஆலோசகரானார். மண் ஆய்வுக்கூடத்தையும் களத்து அளவைகளையும் இளைஞர் ரால்ஃப் பெக் கவனித்துக்கொண்டார். மென்களிமண்ணில் வெட்டிய பள்ளங்களில் ஸ்ட்ரட்கள் ஏற்ற சுமை அளக்கப்பட்டது. ஒரே ஆழத்தில், ஒரே மண்ணில், அடுத்தடுத்து நின்ற ஸ்ட்ரட்களிலேயே சுமை வெகுவாக வேறுபட்டது. ஸ்ட்ரட்டை இறுக்கும் ஆப்பை எவ்வளவு பலமாக அடித்தார்கள், தோண்டி முடித்து எவ்வளவு நேரம் கழித்துப் பொருத்தினார்கள் என்பதெல்லாம் சுமையை மாற்றின.

பெக் இதிலிருந்து எடுத்த முடிவு பொறியியலில் அரிதான நேர்மை கொண்டது. உண்மையான அழுத்தம் இதுதான் என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. அளந்த ஒவ்வொரு சுமையையும் அந்த ஸ்ட்ரட் தாங்கும் சுவர்ப் பரப்பால் வகுத்து, கிடைத்த மதிப்புகள் அனைத்தையும் போர்த்தும் உறைபோல ஒரு எல்லைக்கோடு வரைந்தார். 1943-இல் சிகாகோ முடிவுகள் வெளியாயின. 1969-இல் மெக்சிகோ நகர மாநாட்டில் மணல், மென்களிமண், இறுகிய களிமண் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எல்லைப் படங்களை அவர் தொகுத்துத் தந்தார். வடிவமைப்புக் குறிப்புகளில் இன்றும் காணப்படுபவை அவையே. மணலுக்கு முழு உயரத்துக்கும் ஒரே சீரான அழுத்தம்:

p = 0.65 Ka γ H

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 9 மீட்டர் ஆழப் பள்ளம், நீர்மட்டம் பள்ளத்துக்கும் கீழே, மணலின் உராய்வுக் கோணம் 30 பாகை, கன மீட்டருக்கு எடை 18 கிலோநியூட்டன் என்று கொள்வோம். Ka மூன்றில் ஒன்று. எனவே p சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 35 கிலோநியூட்டன். ஸ்ட்ரட் வரிசைகள் 1.5, 4.5, 7.5 மீட்டர் ஆழங்களில் இருந்தால் ஒவ்வொன்றும் 3 மீட்டர் உயரச் சுவரைத் தாங்கும். சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு வரிசையிலும் 105 கிலோநியூட்டன் விழும். 4 மீட்டருக்கு ஒரு ஸ்ட்ரட் என்றால் ஒன்றின் சுமை 420 கிலோநியூட்டன். இதே பள்ளத்துக்கு ரேங்கின் முக்கோணத்தை எடுத்தால் மேல்வரிசைக்கு மீட்டருக்கு வெறும் 27, நடுவரிசைக்கு 81, கீழ்வரிசைக்கு 135 கிலோநியூட்டன் வரும். முக்கோணத்தை நம்பியவர் மேல் ஸ்ட்ரட்டைத் தேவையில் கால்பங்கு வலுவில் வைத்திருப்பார்.

இங்கே எடுத்துக்கொண்டவை எல்லாம் குறிப்பில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். ஓரத்தில் நிற்கும் லாரி, அடுக்கிய கம்பி ஆகியவற்றின் சுமை தனியாகச் சேரும். பெக்கின் மணல் படத்தில் நீரழுத்தம் இல்லை. நீர் புகாத சுவருக்குப் பின்னால் நீர்மட்டம் 2 மீட்டர் ஆழத்தில் நின்றால், பள்ளத்தின் அடிமட்டத்தில் நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோநியூட்டன் தள்ளும். அது மணலின் கணக்கைப் போல இரு மடங்கு. ஸ்ட்ரட் மட்டத்துக்குக் கீழே அரை மீட்டருக்கு மேல் தோண்டக்கூடாது என்பது போன்ற வரம்பும் அழுத்தக் கணிப்பின் பகுதிதான். பொக்லைன் ஓட்டுபவர் வசதிக்காக இன்னும் ஒரு மீட்டர் இறங்கிவிட்டால், அந்தக் கட்டத்துக்கு வடிவமைப்பாளர் கணக்கிட்ட வளைவும் சுமையும் செல்லாது.

பெக்கின் படங்கள் பெரும்பாலும் வளைந்து கொடுக்கும் சுவர்களில் அளந்தவை. டயாபிரம் சுவர் போன்ற விறைப்பான சுவர்கள் பரவிய பின், பிரிட்டனின் சிரியா அமைப்பு 81 அகழ்வுகளின் அளவைகளைத் திரட்டி 1999-இல் புதிய எல்லைப் படங்களை வெளியிட்டது. அதற்குள் கணினி மாதிரிகளும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றின் ஆபத்தை சிங்கப்பூர் காட்டியது.

2004 ஏப்ரல் 20 அன்று நிகோல் நெடுஞ்சாலை அருகே, சர்க்கிள் லைன் ரயில் பாதைக்கான 30 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழப் பள்ளம் இடிந்து நால்வர் இறந்தனர். விசாரணைக் குழு முதன்மையாக இரண்டு பிழைகளைக் கண்டது. மென்மையான கடல் களிமண்ணின் வலிமையைக் கணினி மாதிரி கூடுதலாகக் கொண்டிருந்ததால், சுவரின் வளைவும் விசைகளும் குறைவாகக் கணிக்கப்பட்டன. ஸ்ட்ரட் வேலர் உத்தரத்தைச் சந்திக்கும் இணைப்பும் வேண்டிய வலுவில்லாமல் வடிவமைக்கப்பட்டிருந்தது. அங்கே பின்னர் தகடுகளுக்குப் பதிலாக சி-சேனல் வைத்தது, இணைப்பு திடீரென நொறுங்கும் இயல்பையும் சேர்த்தது. ஒன்பதாம் வரிசைக்குக் கீழே தோண்டிக்கொண்டிருந்தபோது அந்த வரிசை இணைப்புகள் விட்டுக்கொடுத்தன. அவை சுமந்த விசை மேல்வரிசைக்கு மாற, அதுவும் தாங்கவில்லை. சுவரின் நகர்வு எச்சரிக்கை அளவைத் தாண்டியபோது வேலையை நிறுத்துவதற்குப் பதிலாக எல்லை மதிப்பு உயர்த்தப்பட்டிருந்தது.

இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாமலிருக்க, ஏதாவது ஒரு ஸ்ட்ரட் இல்லாமற்போனாலும் மற்றவை தாங்குமா என்ற சோதனையும் வடிவமைப்பில் வேண்டும். மேலே போட்ட கணக்கில் நடுவரிசை ஸ்ட்ரட் ஒன்று கழன்றால், இருபுறமும் உள்ளவற்றுக்குப் பாதி பாதியாகச் சேர்ந்து 420 கிலோநியூட்டன் 630 ஆகும். அதைவிடக் கடுமையாகத் தாக்கப்படுவது வேலர். அதன் இடைவெளி 4 மீட்டரிலிருந்து 8 மீட்டராவதால், வளைவுத்திருப்பம் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடுகிறது.