மேக்கப் உங்களோடது... போட்டோ யாரோடது? பார்லர் ரீல்ஸ் போடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய காப்புரிமை

விடியற்காலை 2 மணிக்கு மண்டபத்துக்குப் போய், முகூர்த்தத்துக்கு முன்னாடி கல்யாணப் பொண்ணைத் தயார் பண்ணி, ஜடை அலங்காரம் முடிச்சு, புடவை மடிப்பு வரைக்கும் சரிபார்த்துட்டு வந்தவர் எனக்குத் தெரிஞ்ச பார்லர் அக்கா. ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பொண்ணோட படங்கள் போட்டோகிராபரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்தன. அக்கா அதில் நாலு படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். மூலையில் இருந்த ஸ்டூடியோ பெயரை கிராப் பண்ணினார். தன் உதவியாளர் போனில் எடுத்திருந்த 'மேக்கப்புக்கு முன்' படம் ஒன்று, பின்ட்ரெஸ்ட்டில் கிடைத்த கொண்டை படம் ஒன்று, பின்னணியில் ஒரு ஹிட் சினிமா பாட்டு எனச் சேர்த்து 20 செகண்ட் ரீல் ரெடி. 'பிரைடல் பேக்கேஜ் புக்கிங் ஓப்பன்'னு எழுதி, காசு கட்டி பூஸ்ட்டும் செய்தார்.

மூணாவது நாள் ரீலைக் காணோம். காப்புரிமைப் புகார் வந்ததால் நீக்கப்பட்டதுன்னு இன்ஸ்டாவிலிருந்து ஒரு மெசேஜ் மட்டும் இருந்தது. "நான் போட்ட மேக்கப்புக்கு நான் ரீல் போடக் கூடாதா?" என்பதுதான் அக்காவின் கேள்வி. நியாயமான கோபம்தான். ஆனா சட்டம் அதை வேற மாதிரிப் பார்க்குது. அந்த ஒரு ரீலையே பிரிச்சுப் பார்த்தா விஷயம் புரிஞ்சுடும்.

முதல்ல அந்த நாலு கல்யாணப் படங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, ஒரு போட்டோவின் படைப்பாளர் அதை எடுத்தவர்தான். படத்தில் இருப்பவரோ, படத்தில் இருப்பவரை அழகாக்கியவரோ இல்லை. பதிவு பண்ணியிருக்கணும்னுகூட அவசியம் கிடையாது, கிளிக் பண்ணின உடனே உரிமை வந்துடும். எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 வருஷமும் அது நீடிக்கும்.

ஆனா இதில் ஒரு திருப்பம் இருக்கு. சட்டத்தின் 17-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒருத்தர் காசு கொடுத்து, தனக்காகப் படம் எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில், காசு கொடுத்தவர்தான் அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். அதாவது, கல்யாண போட்டோவுக்குப் பணம் கொடுத்த குடும்பம். 'ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்ற வார்த்தைதான் முக்கியம். ஏன்னா, கொட்டேஷன் தாளிலோ ஆர்டர் ஃபார்மிலோ 'காப்புரிமை ஸ்டூடியோவுக்கே'ன்னு ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்குற ஸ்டூடியோக்களும் இருக்கு. அந்த வரி இருந்தா உரிமை ஸ்டூடியோவுக்கு.

நம்ம ஊர் கல்யாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொண்ணு வீட்டு போட்டோகிராபர் தனி, மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர் தனி. அக்கா எடுத்த படங்கள் மாப்பிள்ளை வீட்டு ஆள் எடுத்தவை. மணப்பெண் "தாராளமா போட்டுக்கோங்கக்கா"ன்னு சொன்னது உண்மை. ஆனா அந்தப் படத்துக்குக் காசு கொடுத்தது அவர் குடும்பம் இல்லை. தன் முகத்தைப் போட அவர் சம்மதம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். படத்தின் காப்புரிமைக்கு அந்தச் சம்மதம் போதாது. இந்த ரெண்டும் ரெண்டு தனித்தனி அனுமதி. பெரும்பாலான பார்லர்கள் தடுக்கி விழுற இடம் இதுதான்னு நினைக்கிறேன்.

பெயரை கிராப் செய்ததுதான் எல்லாத்தையும்விட மோசம். வாட்டர்மார்க் மாதிரி, படம் யாருடையதுன்னு காட்டுற தகவலைத் தெரிஞ்சே நீக்குவதை 65பி பிரிவு தனிக் குற்றமாகவே வச்சிருக்கு. "தெரியாம எடுத்துட்டேன்"னு சொல்லவும் வழியில்லை, தெரிஞ்சதாலதானே பெயரை வெட்டினீங்கன்னு அடுத்த கேள்வி வரும். சரி, பெயரை வெட்டாம, 'போட்டோ நன்றி'ன்னு டேக் பண்ணியிருந்தா? மரியாதை. அவ்வளவுதான். நன்றி சொன்னா அது அனுமதி ஆகாது.

அடுத்து, உதவியாளர் போனில் எடுத்த படம். இதில் அக்காவுக்குப் பிரச்னை இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், வேலையின் பகுதியாக எடுத்த படம் என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லைன்னா முதலாளிக்குத்தான் உரிமை. அன்னைக்கு ஒருநாள் உதவிக்கு வந்த தோழியோ, ஃப்ரீலான்ஸ் ஹேர் ஸ்டைலிஸ்ட்டோ எடுத்திருந்தா கதை மாறும். அவங்க உங்க ஊழியர் இல்லை, படம் அவங்களோடது. கஸ்டமர் வீட்டுக்குப் போய் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புற செல்ஃபியும் அப்படித்தான். 'அனுப்பினாங்க' என்பதும் 'விளம்பரத்துக்குப் போட்டுக்கச் சொன்னாங்க' என்பதும் ஒண்ணு இல்லை.

பின்ட்ரெஸ்ட் கொண்டைக்கு வருவோம். கூகுளில் தேடினா வருது, பின்ட்ரெஸ்ட்டில் சேவ் பண்ண முடியுது என்பதால் ஒரு படம் பொதுச்சொத்து ஆகிடாது. எங்கேயோ ஒரு ஸ்டைலிஸ்ட் செஞ்சு, யாரோ ஒரு போட்டோகிராபர் எடுத்தது அது. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தா பல நேரம் முதலில் யார் வெளியிட்டாங்கன்னு தெரிஞ்சிடும். காப்புரிமையைத் தாண்டி இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கு. அந்தக் கொண்டையைப் பார்த்து நம்பி அட்வான்ஸ் கொடுக்கிற பொண்ணு, அது உங்க கைவேலைன்னு நினைக்கிறாங்க. முகூர்த்த நாளில் வேற மாதிரி வந்தா, தவறான விளம்பரம்னு நுகர்வோர் புகார் வரைக்கும் போகலாம். 'இது மாதிரி வேணும்'னு கஸ்டமர் போனில் காட்டுறதுக்கு அந்தப் படம் ஓகே. உங்க பக்கத்தில் போடுறதுக்கு இல்லை.

இப்போ பாட்டு. ஒரு சினிமா பாட்டுக்குள்ள குறைஞ்சது மூணு உரிமை இருக்கு. வரிகளுக்கு ஒண்ணு, மெட்டுக்கு ஒண்ணு, ஸ்டூடியோவில் ரெக்கார்டு ஆன ஒலிப்பதிவுக்கு ஒண்ணு. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் வந்த 'குணா' பாட்டுக்காக இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பினப்போ, தயாரிப்பாளர் தரப்பு உரிமையை வாங்கித்தான் பயன்படுத்தினோம்னு சொன்னது நினைவிருக்கா? யாரிடம் எந்த உரிமை இருக்கு என்பதிலேயே அவ்வளவு பெரிய சண்டை வருது.

"ஆனா பாட்டை இன்ஸ்டாவே கொடுக்குதே?" நியாயமான சந்தேகம். இன்ஸ்டா லைப்ரரியில் இருக்கிற பாட்டுகள் பெரும்பாலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்காக உரிமம் வாங்கப்பட்டவை. தனியா அனுமதி இல்லாம வணிக நோக்கத்துக்குப் பாட்டைப் பயன்படுத்தக் கூடாதுன்னு மெட்டாவின் இசை விதிமுறையிலேயே இருக்கு. பார்லர் கணக்கை பிசினஸ் கணக்கா மாத்தினதும் சினிமா பாட்டெல்லாம் காணாமப்போறது இதனாலதான். அது பக் இல்லை. பாட்டு வேணும்னு திரும்ப பர்சனல் கணக்குக்கோ கிரியேட்டர் கணக்குக்கோ மாறுறவங்க நிறைய பேர். பாட்டு திரும்பக் கிடைச்சிடும், உரிமை கிடைக்காது. போஸ்ட்டில் பேக்கேஜ் ரேட்டும் புக்கிங் நம்பரும் இருந்தா அது விளம்பரம்தான், கணக்கின் வகை எதுவா இருந்தாலும்.

இந்த வாதம் கோர்ட்டிலும் எடுபடலை. அமெரிக்காவின் 'பேங்' எனர்ஜி டிரிங்க் நிறுவனம் டிக்டாக்கில் பாட்டு வச்சு விளம்பர வீடியோ போட்டது. யுனிவர்சல் மியூசிக் வழக்கு போட, டிக்டாக்கே தர்ற பாட்டுதானே என்பது போல நிறுவனம் வாதாடியது. தானே போட்ட வீடியோக்களுக்கு அந்த நிறுவனம்தான் பொறுப்புன்னு 2022-ல் ஃப்ளோரிடா நீதிமன்றம் சொல்லிடுச்சு. அது வெளிநாட்டுத் தீர்ப்பு, இங்கே கட்டுப்படுத்தாது. ஆனா இசை நிறுவனங்கள் எப்படி யோசிக்குறாங்கன்னு அதில் தெரியும்.

'15 செகண்டுக்குள்ள இருந்தா பிரச்னை இல்லை' என்பது சுத்தக் கட்டுக்கதை. நம்ம சட்டத்தில் அப்படி ஒரு செகண்ட் கணக்கே கிடையாது. யாரோ சினிமா பாட்டை அப்லோடு பண்ணி, அது 'ஒரிஜினல் ஆடியோ'ன்னு காட்டினாலும் பாட்டு ஒரிஜினல் உரிமையாளரோடதுதான். கடையில் ஸ்பீக்கரில் ஓடுற பாட்டு வீடியோவில் பதிவாகியிருந்தாலும் சிஸ்டம் கண்டுபிடிச்சு மியூட் பண்ணிடலாம்.

மாற்று இருக்கு. Meta Sound Collection-ல் இருக்கிற இசையை பிசினஸ் கணக்குகளும் பயன்படுத்தலாம். ஆனா அது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு மட்டும். அதே வீடியோவை யூடியூபில் போடுறதா இருந்தா, அங்கே யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்து வேற இசை வைக்கணும். என்னைக் கேட்டா, கத்தரி சத்தம், டிரையர் சத்தம், அதுக்கு மேல உங்க குரலில் 'இந்த முடிக்கு ஏன் இந்த ஸ்டைல்'னு ரெண்டு வரி. இதுக்கு யாரும் ஸ்ட்ரைக் கொடுக்க முடியாது.

மாட்டினா என்ன ஆகும்? சட்டப் புத்தகத்தில் 6 மாசம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்னு இருக்கு. வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க கோர்ட்டுக்கு இடமுண்டு, ஆனா பூஸ்ட் போட்ட விளம்பரத்துக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. நடைமுறையில் முதலில் வர்றது ரீல் நீக்கமோ மியூட்டோதான். திரும்பத் திரும்ப நடந்தா கணக்கையே முடக்கிடுவாங்க. மொத்த புக்கிங்கும் இன்ஸ்டா டிஎம்மில் வர்ற ஒரு பார்லருக்கு அது கடைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. வக்கீல் நோட்டீஸே வந்தா, போஸ்ட்டை எடுத்துட்டு, பதில் எழுதும் முன்னாடி ஒரு வழக்கறிஞரிடம் காட்டிடுங்க.

அனுமதி கேட்கிறது பெரிய வேலை இல்லை, ஆனா எழுத்தில் இருக்கணும். அக்கா பிறகு அந்த போட்டோகிராபருக்கு அனுப்பின மெசேஜ் கிட்டத்தட்ட இதுதான்:

"வணக்கம் தம்பி. போன மாசக் கல்யாணத்தில் பொண்ணுக்கு மேக்கப் பண்ணினது நான். உங்க பேரை வெட்டிப் போட்டது தப்பு, மன்னிச்சுக்கோங்க. இத்துடன் இருக்கிற 3 படத்தை என் இன்ஸ்டா பக்கத்திலும் கூகுள் கடை பக்கத்திலும் 2 வருஷம் பயன்படுத்திக்கலாமா? உங்க பேர் போடுறேன், எடிட் பண்ண மாட்டேன். விளம்பரமா பூஸ்ட் பண்ணினா தனியா காசு வேணுமான்னும் சொல்லுங்க. காப்புரிமை உங்ககிட்ட இருக்கா, மாப்பிள்ளை வீட்டுக்கா?"

எந்தப் படம், எங்கே, எவ்வளவு நாள், விளம்பரமா இல்லையா, இத்தனையும் அதில் இருக்கு. காலத்தைக் குறிப்பிடலைன்னா சட்டம் 5 வருஷம்னு எடுத்துக்கும் என்பதால், நாளைக்கு வாக்குவாதம் வராம நாமே எழுதிடுறது நல்லது. ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கப்போறீங்கன்னா அதையும் சேர்த்துக் கேளுங்க, இன்ஸ்டாவுக்குக் கொடுத்த அனுமதி ரோட்டுக்கு வராது.

பதில் அன்னைக்கு ராத்திரியே வந்தது. காப்புரிமை ஸ்டூடியோவுக்குத்தான்னு ஒப்பந்தத்தில் இருக்காம். 3 படத்துக்கும் சம்மதம், பூஸ்ட் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டார். அடுத்த கல்யாணத்திலிருந்து அவரே போஸ்ட் போட்டு அக்காவை கொலாப் ஆக்கிடுறதா பேச்சு. அப்படிச் செஞ்சா போட்டோவை எடுத்தவர் பக்கத்திலேயே படம் இருக்கும், ரெண்டு பேர் பக்கத்திலும் தெரியும், ஸ்கிரீன்ஷாட்டுக்கே வேலை இல்லை. பூஸ்ட் பண்றதுக்கு மட்டும் அக்கா இப்போ மணமகள் அறையில் ஜன்னல் ஓரமா பொண்ணை நிக்கவச்சு, சம்மதம் கேட்டுட்டு, தன் போனிலேயே அஞ்சு படம் எடுத்துடுறார்.